சிவப்பு உருண்டை பருத்தித்துறைக்கு மேலே: மையம் அதுதானா?

தும்பளை | நவம்பர் 25, இரவு 9:50

செய்மதிப் படத்தில் ஒரு பெரிய சிவப்பு உருண்டை எங்களுக்கு நேர் மேலே நிற்கிறது. உருண்டையின் நடு, பருத்தித்துறைக்கு வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் கூட வராது. அப்படியென்றால் தாழமுக்கத்தின் மையமும் அங்கேதானே? தம்பியிடம் சொல்லி போட்டை மேட்டுக்கு ஏற்றியாயிற்று. அவன் நம்பவில்லை. "காற்று வாடையாய்த்தானே நிக்குது அக்கா, மையம் இவ்வளவு கிட்ட வந்தா இப்பிடியா இருக்கும்?" என்கிறான். படம் பொய் சொல்லுமா?

ஸ்காபரோ | நவம்பர் 25, இரவு 10:15

நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உருண்டை பெரிதாக ஒன்றும் இல்லை, சின்னதாக ஒன்று கடலுக்குள் நிற்கிறது. பயப்படாமல் படுங்கள்.

தும்பளை | நவம்பர் 25, இரவு 10:22

அண்ணை, உங்கள் படத்தின் மூலையில் என்ன நேரம் போட்டிருக்கிறது? 1200 UTC என்றால் அது எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை மணிப் படம். ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். நீங்கள் கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் பழைய முகிலைப் பார்த்து எங்களைப் படுக்கச் சொல்கிறீர்கள்.

ஸ்காபரோ | நவம்பர் 25, இரவு 10:30

ஓம், 1200தான். இங்கே மதியம் ஆகப் போகிறது, அதனால் இப்போதைய படம் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும்.

கொக்குவில் பொடியன் | நவம்பர் 25, இரவு 10:41

புயல் எங்கள் பக்கத்தில் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். இந்த உருண்டையை ஐந்தாறு படமாக ஓடவிட்டுப் பாருங்கள், ஓரங்கள் வலஞ்சுழியாக விரிகின்றன. ஆகவே இது சுழற்சியே இல்லை, சும்மா இடிமுகில் கூட்டம்.

பாரமானி | நவம்பர் 25, இரவு 11:05

கொக்குவில் தம்பி சொன்னதில் பாதி சரி. இடஞ்சுழி கீழே, கடலோடு ஒட்டி ஓடும் காற்றுக்கு. நீங்கள் பார்ப்பது பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் விரியும் முகில் தட்டு. கீழே உள்ளே சுற்றி ஏறிய காற்று மேலே வெளியே போகும்போது வலப்பக்கம் திரும்பும். ஆகவே ஓரம் வலஞ்சுழியாக விரிவது சுழற்சி இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல. கீழே எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மேலே வெளியேறுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

தும்பளை அக்காவுக்கு: படம் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. இரவில் வருவது அகச்சிவப்புப் படம். அது அளப்பது மழையையும் அல்ல, மையத்தையும் அல்ல, முகிலின் உச்சி எவ்வளவு குளிர் என்பதை. சிவப்பு என்றால் உச்சி −70, −80 பாகைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மையத்தைச் சுற்றும் தாழ்ந்த முகில் 15, 20 பாகையில் இருக்கும். கடல் 28. இரவுப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஆகவே நீங்கள் தேடும் சுழல் இந்தப் படத்தில் இருந்தாலும் கண்ணில் படாது.

உங்கள் தம்பி கெட்டிக்காரன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழமுக்கம் இடக்கைப் பக்கம். வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கிறது என்றால் இடக்கை கிழக்கு, தென்கிழக்கைக் காட்டும். மையம் நீங்கள் சொன்ன இடத்தில், வடகிழக்கே 40 கிலோமீட்டரில் இருந்தால் காற்று வடமேற்கிலிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. விடியட்டும்.

சாவகச்சேரி மாமி | நவம்பர் 25, இரவு 11:20

சிவப்பு எங்கள் தலைக்கு மேலேயும்தான் நிற்கிறது. ஒரு துளி இல்லை. மகளின் கலியாணம் 29ஆம் திகதி, பந்தல்காரன் இப்போதே கூரைக்குத் தறப்பாள் கேட்கிறான். தறப்பாளா, மண்டபமா?

பாரமானி | நவம்பர் 25, இரவு 11:26

அம்மா, அந்தத் துளி வராததுதான் நான் சொன்னதற்கு உதாரணம். தட்டு கடலில் முளைத்தது, விளிம்பு சாவகச்சேரிவரை விரிந்திருக்கிறது. விளிம்பும் குளிர்தான், ஆனால் அதற்குக் கீழே மழை முகில் இல்லை. 29க்கு இப்போது யாரும் சொல்ல முடியாது. மண்டபம்.

தும்பளை | நவம்பர் 26, காலை 7:20

நான் எழுதியது பிழை. விடியப் புறப் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தேன்.

சூரியன் சரிவாக அடிப்பதால் முகில்களின் நிழல் விழுந்து எல்லாம் புடைப்பாகத் தெரிகிறது. சிவப்பு உருண்டை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைப் பாய் விரித்த மாதிரி ஒன்று. அதில் சுழல் ஒன்றும் இல்லை. தென்கிழக்கே போனால், ஒரு முகிலும் இல்லை என்று நேற்று நான் தள்ளிவிட்ட வெறுங்கடலில், பருக்கை பருக்கையான சின்ன முகில்கள் வரிசை கட்டி வளைந்து நிற்கின்றன. ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு விரலால் உள்ளே போனேன். அடுத்த வரிசையையும் அப்படியே. மூன்றும் ஒரே இடத்தைச் சுற்றி வளைகின்றன. அந்த இடம் 9.2 வடக்கு, 81.9 கிழக்கு. முல்லைத்தீவுக்கு நேர் கிழக்கே 120 கிலோமீட்டர் அளவு.

எங்களிலிருந்து ஏறக்குறைய 195. கட்டத்தில் ஒரு பாகை 110 என்று எடுத்துக் கணக்குப் போட்டேன். நேற்றிரவு நான் சொன்னது நாற்பது! தம்பி இதை வாசிக்கிறான், சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பாரமானி | நவம்பர் 26, காலை 7:48

நீங்கள் கண்டுபிடித்த விதம்தான் விதம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு படத்தில் பிடித்த சுழலை அரை மணித்தியால இடைவெளியில் நாலைந்து படத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். மற்ற முகில்கள் எல்லாம் நகர, அவை எதைச் சுற்றி நகர்கின்றனவோ அதுதான் சுழல். தற்செயலாக வளைந்து நிற்கும் வரிசைகளும் உண்டு.

உருண்டை ஏன் வடமேற்கே ஒதுங்கி நிற்கிறது என்றால், மேல்மட்டக் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கிறது. இடிமுகில் மையத்துக்குப் பக்கத்தில் ஏறுகிறது, ஏற ஏற உச்சியை மேல்காற்று தள்ளிக்கொண்டு போகிறது. அடியும் தலையும் வெவ்வேறு ஊரில். இப்படி வெறுமையாக நிற்கும் சுழல் பெரும்பாலும் மெலிந்தது, வேகமாகப் பலக்காது. சுழலுக்கும் குளிர் முகிலின் விளிம்புக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். உருண்டை எவ்வளவு சிவப்பு என்பதை அல்ல.

கொக்குவில் பொடியன் | நவம்பர் 26, காலை 8:30

சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நான் ஜப்பானின் ஹிமவாரி படம் பார்க்கிறேன், அக்கா இந்திய இன்சாட். நேற்றிரவு என் படத்தில் உருண்டையின் நடு பருத்தித்துறைக்கு மேலேயே. இன்சாட்டில் கடலுக்குள் தள்ளி. ஒரே நேரத்துப் படம். எது சரி?

பாரமானி | நவம்பர் 26, காலை 9:10

இன்சாட்டை நம்புங்கள். ஹிமவாரி 140.7 பாகை கிழக்கில், பசிபிக்குக்கு மேலே நிற்கிறது. எங்களை அது சரிந்துதான் பார்க்கிறது. பனையின் வட்டைத் தூரத்திலிருந்து சரிந்து பார்த்தால் அது பின்னால் உள்ள வேலிக்கு மேலே நிற்கிற மாதிரித் தெரியும் அல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. உயர்ந்த முகில், செய்மதிக்கு எதிர்ப்பக்கம், அதாவது மேற்கே தள்ளி விழும். பதினைந்து கிலோமீட்டர் உயர உச்சி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மேற்கே தெரியும். இன்சாட் 74, 82 பாகையில் நிற்பவை, எங்களுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. அவற்றில் அதே உச்சி நாலு கிலோமீட்டர் கூட நகராது.

எல்லாமே ஒரே அளவு நகராது என்பதுதான் தந்திரம். இரண்டு கிலோமீட்டர் உயரத் தாழ்முகில் ஹிமவாரியிலும் ஐந்து கிலோமீட்டர்தான் தள்ளும். ஆகவே அங்கே சுழல் சரியான இடத்தில், உருண்டை மட்டும் மேற்கே நகர்ந்து, இரண்டுக்கும் இடைவெளி உண்மையைவிட 35 கிலோமீட்டர் அளவு கூடித் தெரியும். ஹிமவாரியின் நன்மை, பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஓட்டம் பார்க்க அது. இடம் குறிக்க இன்சாட்.

தும்பளை | நவம்பர் 26, பின்னேரம் 4:35

போனில் அழுத்தம் காட்டும். காலை பத்து மணிக்கு 1009 மில்லிபார், இப்போது 1005.6. மூன்றரை இறங்கிவிட்டது. இது பெரிய இறக்கம் இல்லையா?

மயிலிட்டி | நவம்பர் 26, பின்னேரம் 4:50

தினமும் பின்னேரம் இறங்கும் தங்கச்சி. வானம் வெளித்த நாளிலும் இறங்கும். எங்கள் போட்டில் இருந்த பழைய மானியில் அப்பா பத்து மணிக்கும் நாலு மணிக்கும் ஊசி நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவைப்பார்.

தும்பளை | நவம்பர் 26, பின்னேரம் 5:05

சரிதான். நேற்று இதே நாலரை மணிக்கு எடுத்த திரைப்பிடிப்பு போனில் கிடந்தது: 1007. அப்படியானால் உண்மையில் இறங்கியது ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. நாள்தோறும் வரும் இறக்கத்தையும் சேர்த்துப் பயந்திருக்கிறேன். இனி நேற்றைய அதே மணியோடுதான் ஒப்பிடுவேன்.

தும்பளை | நவம்பர் 26, இரவு 8:40

உருண்டை கரைந்துவிட்டது. சிவப்பே இல்லை, பஞ்சு மாதிரிச் சாம்பல் மட்டும். ஒரு முகநூல் பக்கத்தில் "புயல் செயலிழந்தது" என்று போட்டு அடியில் நூறு பேர் நன்றி சொல்கிறார்கள். தம்பி விடிய நாலு மணிக்குப் போட்டை இறக்கலாமா என்று கேட்கிறான்.

பாரமானி | நவம்பர் 26, இரவு 9:00

வேண்டாம். கரைந்தது முகில், சுழல் அல்ல. பின்னேரம் நாலரைப் படத்தில், வெளிச்சம் போகுமுன், சுழல் நல்ல உருண்டையாக இருந்தது, இரண்டு மணிப் படத்தைவிட வடக்கே. கடலுக்கு மேலே இடிமுகில் பின்னேரத்தில் தளர்ந்து நடுச்சாமத்துக்குப் பிறகு மறுபடி எழுவது வழக்கம். மூன்று மணிப் படத்தைப் பார்க்காமல் யாரும் முடிவு எடுக்க வேண்டாம்.

மயிலிட்டி | நவம்பர் 26, இரவு 9:25

நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் படத்துக்காக அல்ல. பின்னேரத்திலிருந்து கரைக்கு ஒரு கனத்த அலை வருகிறது. இங்கே காற்றே இல்லை, அலை மட்டும் கிழக்கிலிருந்து. எங்கேயோ காற்று அடிக்கிறது. எனக்கு அது போதும். 64 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன இரவுக்கு முதல்நாளும் இப்படித்தான் என்று அப்பா சொல்வார். அப்போது செய்மதியே இல்லை.

பாரமானி | நவம்பர் 26, இரவு 9:40

செய்மதி இருந்தது அண்ணை. டைரோஸ்-1 போனது 1960 ஏப்ரலில். எங்கள் கரைக்குத்தான் படம் வரவில்லை. அலையைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை.

தும்பளை | நவம்பர் 27, விடிய 3:35

நித்திரை வரவில்லை. மூன்று மணிப் படம்: சிவப்பு மறுபடி. நேற்று முன்தினத்தைப் போல ஒதுங்கி அல்ல, நான் பின்னேரம் சுழலை விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வெடித்திருக்கிறது. கரண்ட் இல்லை. மழை ஓட்டில் கொட்டுகிற சத்தத்தில் தம்பி கத்துவது கூடக் கேட்கவில்லை. காற்று வடக்கிலிருந்து வடமேற்காகத் திரும்பிவிட்டது, முன் கதவுக்குள் தண்ணீர்.

தும்பளை | நவம்பர் 27, காலை 7:40

முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். கிணறு கட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே நிற்கிறது. படம் பார்த்தேன். வடமேற்குக் காற்றுக்கு முதுகு காட்டினால் இடக்கை வடகிழக்கு. சுழலும் 10.3 வடக்கு, 81.2 கிழக்கு, எங்களுக்கு வடகிழக்கே 120 கிலோமீட்டர் அளவு. ஒரு நாளில் 145 கிலோமீட்டர் வந்திருக்கிறது, மணிக்கு ஆறு. சைக்கிளில் போகிறவன் முந்திவிடுவான். இவ்வளவு மெதுவாகப் போனதால்தான் இவ்வளவு மழை என்று நினைக்கிறேன்.

பாரமானி | நவம்பர் 27, காலை 8:15

பெரும்பாலும் சரி. மழைக்கும் மையத்துக்கும் உள்ள தூரத்தை மட்டும் மறக்க வேண்டாம். 2020 டிசம்பரில் புரேவி 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குப் போய், இராமநாதபுரம் கரைக்குப் பக்கத்தில் நகராமல் நின்றது. மையம் அங்கே. மழை யாழ்ப்பாணத்தில், அதைவிட வடக்கே கடலூர், சிதம்பரம் பக்கம். மையம் எங்கே என்று மட்டும் பார்த்திருந்தவர்கள் அந்த முறை ஏமாந்தார்கள். காற்றைக் கேட்டால் மையத்தைச் சொல்லும். மழை எங்கே என்பதற்கு முகில் தட்டின் கிழிந்த விளிம்பை விட்டு, மறுபடி மறுபடி ஒரே இடத்தில் முளைக்கும் குளிர் முடிச்சுகளைப் பாருங்கள்.

அந்த முறை காற்றும் வேறு விதமாகத் திரும்பியது. மையம் தெற்கே போனதால் வாடை கொண்டலாகி, பிறகு தென்கிழக்கு. இந்த முறை மையம் கிழக்கே கடந்து வடக்கே போகிறது, ஆகவே வடக்கு, வடமேற்கு, இனி மேற்கு வரும்.

கொக்குவில் பொடியன் | நவம்பர் 27, காலை 9:05

இதைப் புயல் என்று ஏன் அறிவிக்கவில்லை? குளிர் முகில் வளையத்தில் சுருள் வைத்து அளந்தேன். அரை வட்டத்துக்கு மேல் சுற்றியிருக்கிறது. முகிலின் வடிவத்தை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் டுவோராக் முறையில் அரை வட்டம் என்றால் T2.5 என்ற புள்ளி, அதாவது 35 நொட், அது புயல்தானே. அறிக்கையில் இன்னும் ஆழ்ந்த தாழமுக்கம்.

பாரமானி | நவம்பர் 27, காலை 9:50

சுருளின் நடுவை எங்கே வைத்தீர்கள்? நான் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வைத்து அளந்தேன், வட்டத்தில் 0.4 பங்குதான் வருகிறது. அதுவும் 2.5இன் கீழ் எல்லையில். ஆழ்ந்த தாழமுக்கம் 33 நொட் வரை, புயல் 34லிருந்து. அந்த ஒரு நொட்டைப் படத்திலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கு வராது. அரைப் புள்ளி வித்தியாசம் ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு நிபுணர்களுக்கிடையிலும் வரும். கடலில் கப்பலோ மிதவையோ காற்றை அளந்திருந்தால்தான் முடிவாகச் சொல்லலாம்.

கொக்குவில் பொடியன் | நவம்பர் 27, காலை 10:02

எனக்கு அது புயல்தான்.

தும்பளை | நவம்பர் 27, காலை 11:10

சண்டைக்கு நடுவே ஒன்று. காலை ஏழரைப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று அல்ல, இரண்டு சின்னச் சுழல்கள் தெரிகின்றன. நான் குறித்தது வடக்கே உள்ளது. தெற்கே 60 கிலோமீட்டரில் இன்னொன்று, அதுவும் நன்றாகத்தான் சுற்றுகிறது. படத்தை ஓடவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வருகிற மாதிரி இருக்கிறது. அப்படியானால் நான் சொன்ன மணிக்கு ஆறு கிலோமீட்டர் எதன் வேகம்?

பாரமானி | நவம்பர் 27, காலை 11:45

நானும் இரண்டாவதைக் கவனிக்கவில்லை. மெலிந்த தாழமுக்கத்தில் இது நடக்கும்: பெரிய சுழற்சிக்குள் குட்டிச் சுழல்கள் ஓடித்திரியும், இன்றைக்கு ஒன்று தெளிவாகத் தெரியும், நாளைக்கு மற்றது. உண்மையான மையம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ, அதில் ஒரு முகிலும் இல்லாமல் இருக்கலாம். நேற்றுக் காலை நீங்கள் பிடித்தது வடக்குக் குட்டியா தெற்குக் குட்டியா என்று எனக்குச் சொல்ல முடியாது. அப்படிப் பார்த்தால் 145 கிலோமீட்டர் என்ற கணக்கில் 30 அங்குமிங்கும் போகும்.

தும்பளை | நவம்பர் 28, காலை 6:50

காற்று மேற்காகிவிட்டது, மெல்லியது. மழை விட்டுவிட்டு. அழுத்தம் நேற்றைய இதே நேரத்தைவிட இரண்டு ஏறியிருக்கிறது. படத்தில் இப்போது வடக்குச் சுழல் மட்டும் தெரிகிறது, வேதாரணியத்துக்குக் கிழக்கே. தெற்குக் குட்டி மற்றதோடு சேர்ந்துவிட்டதா, உடைந்துவிட்டதா, முகிலுக்குள் போய்விட்டதா தெரியவில்லை. கொக்குவில் தம்பிக்கு ஹிமவாரியின் பத்து நிமிடப் படங்கள் கையில் இருந்தால் நேற்று மதியத்திலிருந்து ஓடவிட்டுச் சொல்லவும்.

சாவகச்சேரி மாமி | நவம்பர் 28, காலை 7:30

மண்டபம் பிடித்துவிட்டோம். நாளைக்கு வெயில் அடித்தால் பாரமானி ஐயா பதில் சொல்ல வேண்டும்.

தும்பளை | நவம்பர் 28, பின்னேரம் 2:15

தம்பி போட்டை இன்னும் இறக்கவில்லை. அலை இருக்கிறதாம். படத்தைக் காட்டினேன், பார்க்கவே இல்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.